கருக்கருவாள் பிடி ஏன் கழுத்தில் ஒடிகிறது

கேள்வி: அண்ணா, எங்க ஊர் பாலக்கோடு பக்கம். அம்மா ராகி அறுக்கிற கருக்கருவாளோட மரப்பிடி வெடிச்சுப் போச்சு. என்கிட்ட இருக்கிற 3டி பிரின்டர்ல பி.எல்.ஏ. போட்டு ஒரு பிடி அடிச்சேன், முதல் நாளே கழுத்துல ஒடிஞ்சுது. அடுத்தது உள்ளே நிரப்புற இன்ஃபில் 100 சதவீதம் வெச்சு அடிச்சேன், அதுவும் அதே இடத்துல ஒடிஞ்சுது. எந்த மெட்டீரியல், வெளிச்சுற்றுல எத்தனை சுவர் வெச்சா நிக்கும்? விரலுக்குப் பள்ளம் வெச்ச டிசைன் நல்லதா?

உடைந்த இரண்டு துண்டையும் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருந்தால், தம்பி, உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கத்தியால் நறுக்கினாற்போலத் தட்டையாக, உள்ளே பிரின்டர் ஓடிய கோடுகள் கோலம் மாதிரி தெளிவாகத் தெரிந்தால், பிளாஸ்டிக் உடையவில்லை, அடுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. பிடியைச் செங்குத்தாக நிற்கவைத்து அடித்திருக்கிறீர்கள் என்பது என் ஊகம். உடைந்த இடம் கரடுமுரடாக, இழுபட்டு வெளுத்துப் போயிருந்தால் அது வேறு கதை, அப்போதுதான் மெட்டீரியலுக்கு மிஞ்சிய சுமை வந்திருக்கிறது என்று பொருள். நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தால், பிடிக்குள் போகிற அரிவாளின் வால் ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிப் பிளந்திருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே இடத்தில் ஒடிந்தது என்று சொல்வதால் முதல் ரகம்தான் என்று நினைக்கிறேன்.

நிற்கவைத்து அடித்த பிடி என்பது தோசையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த மாதிரி. ஒரு தோசையைக் கிழிப்பது கஷ்டம், மேலிருக்கிற தோசையைப் பிரித்து எடுப்பது சுலபம். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் இருக்கிற ஒட்டு, அதே பிளாஸ்டிக் இழை நீளவாக்கில் தாங்குவதில் பாதி தாங்கினாலே பல பிரின்டர்களில் நல்ல ஒட்டுதான். இன்ஃபிலை 100 ஆக்கினால் ஒவ்வொரு தோசையும் கெட்டியாகும், அவ்வளவுதான். தோசைகளுக்கு நடுவில் இருக்கிற ஒட்டின் குணம் மாறாது. அதனால்தான் இரண்டாவது பிடியும் அதே கழுத்தில் போனது.

கழுத்திலேயே ஏன்? அறுக்கும்போது அம்மாவின் கையைக் கவனியுங்கள். ஒரு கை தாளைக் கொத்தாகப் பிடிக்கும், மறு கை அரிவாளைத் தன் பக்கம் இழுக்கும். கருக்கருவாளில் வெட்டு கிடையாது, இழுப்புத்தான். அந்த இழுப்பு அலகின் தளத்திலேயே பிடியை வளைக்கப் பார்க்கிறது. வளைவு அதிகமாகச் சேருகிற இடம் இரும்பு முடிந்து பிளாஸ்டிக் தனியாகத் தொடங்குகிற கழுத்து. அங்கே ஒரு பக்கத்து மேல்தோல் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும், நடுவில் இருப்பதற்கு வேலை குறைவு.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் இதிலிருந்தே வரும். இழுபடுகிற அந்தத் தோலில் பிளாஸ்டிக் இழை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். அதாவது பிடியைப் படுக்கவைத்து அடிக்க வேண்டும். ஆனால் முழு உருளையைப் படுக்கவைத்தால் அடியில் சப்போர்ட் வேண்டும், அதைப் பிய்த்த இடம் உள்ளங்கையை அராவும். அதனால் நான் பிடியை நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளந்து அடிக்கிறேன், வேர்க்கடலைத் தோட்டை உடைத்தாற்போல. பிளக்கிற தளம் அலகின் தளமாகவே இருக்கட்டும். தட்டைப் பக்கம் பெட்டில் படுக்கும், வளைந்த பக்கம் மேலே வரும், சப்போர்ட் வேண்டாம். அரிவாளின் தட்டை வால் இரண்டு பாதிக்கும் நடுவில் சான்ட்விச் மாதிரி உட்காரும். வாலுக்கான பள்ளம் பெட்டைப் பார்த்து இருந்தாலும், பத்து மில்லிமீட்டர் அகலத்தைப் பிரின்டர் பாலம் போட்டுத் தாண்டிவிடும். இப்படி அடித்தால் இழுப்பு வளைக்கிற திசையும் அடுக்கு படுத்திருக்கிற தளமும் ஒன்றாகிவிடுகின்றன. இழுபடுகிற விளிம்பில் இருப்பது சுவர்கள் மட்டுமே, அவை தலையிலிருந்து கால்வரை அறுபடாமல் ஓடுகின்றன.

இப்போது எத்தனை சுவர் என்ற கேள்விக்கு வரலாம். கணக்குச் சுலபமாக இருக்க, 30 மி.மீ. விட்டமுள்ள உருண்டைப் பிடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 0.4 நாசிலில் ஒரு சுவர் ஏறக்குறைய 0.45 மி.மீ. உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் குழாய் என்று வைத்துக்கொண்டால், முழுக்கக் கெட்டியான பிடியோடு ஒப்பிடும்போது 2 சுவர் வளைவுக்கு 22 சதவீதம் விறைப்பு தரும், 4 சுவர் 40, 6 சுவர் 55, 8 சுவர் 67. ஆறு சுவருக்கு ஆகிற பிளாஸ்டிக் கெட்டிப் பிடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. அதற்கு மேல் ஒவ்வொரு சுவருக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது. அதனால் ஆறு என்பது என் கணக்கு. கழுத்து மெலிந்த பிடியாக இருந்தால் எட்டு.

சுவர் அதிகமானால் இன்னொரு லாபம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. போல்ட் போகிற ஓட்டையைச் சுற்றியும், டிசைனை அடுக்கடுக்காகப் பிரித்துக்கொடுக்கிற ஸ்லைசர் சாஃப்ட்வேர் அதே ஆறு சுவரைப் போடும். 4.3 மி.மீ. ஓட்டையைச் சுற்றி ஆறு சுவர் என்றால் சுமார் 10 மி.மீ. பருமனில் ஒரு கெட்டித் தூண் தானாக வந்துவிடுகிறது. இன்ஃபிலை ஏற்றி அந்தத் தூணை உண்டாக்க முடியாது. இன்ஃபில் 25 சதவீதம் போதும், சுவர் உள்வாங்காமல் தாங்கிக்கொள்வதுதான் அதற்கு வேலை.

சறுக்குகிற இடம் ஒன்றும் உண்டு. படுக்கவைத்து அடிக்கும்போது உள்ளங்கை படுகிற வளைந்த முதுகு பக்கச்சுவரால் உருவாவதில்லை, மேல் அடுக்குகளால் உருவாகிறது. சுவரை ஆறாக்கிவிட்டு மேல் அடுக்கை வழக்கமான மூன்று நான்கிலேயே விட்டால், பக்கம் கெட்டியாகவும் முதுகு அப்பளமாகவும் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் டொக் டொக்கென்று சத்தம் வருவதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஆர்க்கா ஸ்லைசரில் நான் வைக்கிற அளவு இது:

```
Layer height: 0.16 mm
Wall loops: 6
Top shell layers: 10
Bottom shell layers: 10
Sparse infill: 25 %, Gyroid
Nozzle: 245 °C
Bed: 80 °C
Fan: 30 %
```

இது பி.இ.டி.ஜி.க்கான அளவு. ஏன் பி.எல்.ஏ. வேண்டாம்? காகிதத்தில் என்னவோ அதுதான் பலசாலி. டேட்டா ஷீட்டைப் பார்த்தால் இழுவிசையில் பி.எல்.ஏ. பெரும்பாலும் பி.இ.டி.ஜி.யை முந்தியே நிற்கும். நானும் அதை நம்பித்தான் கெட்டேன். முதன்முதலில் அடித்த பிடியை மாட்டி, கத்தியோடு வண்டி சீட்டுக்கடியில் இருக்கிற பெட்டியில் போட்டுவிட்டு, சித்திரை வெயிலில் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் பிடி வாழைப்பழமாகியிருந்தது. பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும், நம் ஊர்க் கோடையில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை. சூடு ஏறாவிட்டாலும், போல்டை முறுக்கி வைத்த பி.எல்.ஏ. நாள்பட நாள்பட மெல்ல அமுங்கி, போல்ட் லூசாகும். அது உடையும்போது முன்னறிவிப்பும் இருக்காது, படக்கென்று போகும். கையில் அரிவாள் இருக்கும்போது அப்படிப் போகக் கூடாது.

பி.இ.டி.ஜி. 80 டிகிரி வாக்கில்தான் இளக ஆரம்பிக்கும், கொஞ்சம் வளைந்து வெளுத்துக் காட்டிவிட்டுத்தான் உடையும், அடுக்கும் நன்றாக ஒட்டும். ஒரு நிபந்தனை, இழை காய்ந்திருக்க வேண்டும். நாசிலில் பட்பட்டென்று பொரிகிற சத்தம் கேட்டாலோ, பிடிமேல் சிலந்தி நூல் மாதிரி இழை படர்ந்தாலோ சுருள் ஈரம் குடித்திருக்கிறது. 65 டிகிரியில் ஆறு மணி நேரம் காயவைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். ஈர இழையில் ஆறு சுவர் போட்டாலும் அது ஆறு பலவீனமான சுவர்தான். வருடம் முழுக்கக் களத்துமேட்டில் வெயில் காய்கிற பிடி என்றால் ஏ.எஸ்.ஏ. இழை இன்னும் நல்லது, 100 டிகிரி வாக்கில்தான் இளகும், வெயிலுக்கு நொறுங்காது. ஆனால் அதற்கு மூடிய பிரின்டரும் காற்றோட்டமும் வேண்டும், இல்லையென்றால் மூலை தூக்கிக்கொள்ளும். வீட்டுக்குள் வைத்து அடிக்கிறீர்கள் என்றால் பி.இ.டி.ஜி.யோடு நில்லுங்கள். கார்பன் ஃபைபர் கலந்த இழையை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம். விறைப்பு வரும், ஆனால் வெறுங்கையால் நாள் முழுக்கப் பிடிக்கிற சாமானில் அந்தத் தூசி நார் உள்ளங்கையில் ஏறினால் அரிப்பு.

நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சளாக இருக்கட்டும். கறுப்பு வெயிலில் கொதிக்கும், தாளுக்கு நடுவில் வைத்த அரிவாளைத் தேடவும் விடும்.

வாலை மாட்டுகிற முறைதான் மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் முழுக்க வேறுபடுகிற இடம். கொல்லர் வாலைச் சிவக்கக் காய்ச்சி மரத்தில் இறக்குவார், மரம் கருகி இடம் விட்டு, பிறகு கவ்விக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் அப்படிச் செய்தால் உருகிய குழிதான் மிஞ்சும். சுத்தியலால் தட்டி இறக்கினால் ஆப்பு, பிளந்துவிடும். அதனால் பள்ளத்தை வாலின் வடிவத்திலேயே, சுற்றிலும் 0.3 மி.மீ. தாராளம் விட்டு வரையுங்கள். வாலை ஒரு வெள்ளைத்தாளில் வைத்து பென்சிலால் கோடு இழுத்து, போட்டோ எடுத்து அளவு பொருத்தினாலே போதும்.

அலகுக்குக் கிட்ட, வால் அகலமாக இருக்கிற இடத்தில் ஒரு ஓட்டை போடுங்கள். நம் பட்டறை அரிவாளில் அலகுக்கு மட்டும் துவைச்சல் ஏற்றி, காய்ச்சித் தோய்த்துக் கெட்டியாக்கியிருப்பார்கள், வால் பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும், எண்ணெய் விட்டு 4.3 மி.மீ. பிட்டில் மெல்லத் துளைத்தால் இறங்கும். பிட் வழுக்கினால் வலுக்கட்டாயம் செய்யாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எம்4 போல்ட் இரண்டு போதும், ஒன்று இந்த ஓட்டை வழியாக, மற்றொன்று வால் முடிந்ததற்கு அப்பால் பின்பக்கம். நட்டு உட்காரும் குழி 7.2 மி.மீ., நைலாக் நட்டு, போல்ட் தலைக்கு அடியில் வாஷர். வாஷர் இல்லாமல் இறுக்கினால் போல்ட் தலை பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டே போகும்.

பள்ளத்தில் சாவகாசமாக இறுகுகிற ஆரால்டைட்டைக் கலந்து நிரப்பி மூடுங்கள். பி.இ.டி.ஜி.யில் எபாக்சி பலமாக ஒட்டாது, உப்புத்தாளால் கீறிவிட்டாலும் சுமார்தான். அது ஒட்டுவதற்கு இல்லை, வால் ஆடாமல் இடைவெளியை அடைப்பதற்கு. அரிவாளைப் பிடிக்குள் பிடித்துவைப்பது போல்ட். கழுத்தில் ஒரு இரும்புப் பூண் அவசியம். ஒரு அங்குல ஜி.ஐ. குழாயில் 20 மி.மீ. துண்டு அறுத்து, உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து, கழுத்தை அதைவிட 0.2 குறைத்து அடியுங்கள். இரண்டு பாதியும் வாய் பிளக்காமல் இருக்க இதுதான் காவல். பூணை வாலில் முதலில் மாட்டிவிட்டுத்தான் பாதிகளை மூட வேண்டும். நான் ஒருமுறை எபாக்சி எல்லாம் பூசி, போல்டும் முடுக்கிவிட்டு, மேஜைமேல் பூண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

விரல் பள்ளத்துக்கு என் பதில் வேண்டாம் என்பதே. நான்கு பள்ளம் ஒரு கைக்குத்தான் பொருந்தும். உங்கள் அரிவாளை அம்மா மட்டுமா பிடிக்கிறார், அறுப்பு நாளில் அத்தையும் பக்கத்துக் காட்டு ஆளும் எடுப்பார்கள். பொருந்தாத கைக்குப் பள்ளத்துக்கு நடுவில் இருக்கிற மேடு விரல் மூட்டின்மேல் ஏறி, மத்தியானத்துக்குள் கொப்புளம் ஆக்கிவிடும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2004-ல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டியும் விரல் பள்ளம் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பலமாகப் பிடிக்கிற கருவிக்கு விட்டம் 32 முதல் 51 மி.மீ., நீளம் குறைந்தது 100, முடிந்தால் 125 முதல் 150 என்பது அதன் அளவு. நம் ஊர்ப் பெண்களின் கைக்கு அதன் மேல்பக்க அளவு ரொம்பத் தடிமன். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி அம்மா கையில் கொடுங்கள். பெருவிரல் நுனி நடுவிரல் நுனியைத் தொட்டுக் கொஞ்சமாய் மேலேறுகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டு, அங்கே விட்டத்தை அளந்தால் அதுதான் அவருடைய அளவு.

எங்கள் வீட்டில் இப்படி அளந்தபோது 30 வந்தது. அதை உருண்டையாக வைக்காமல் 34-க்கு 27 என்று முட்டை வடிவமாக்கினேன், 34 அலகின் தளத்தில் வருமாறு. இதில் இரண்டு காரியம் நடக்கிறது. கண்ணால் பார்க்காமலே அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியும். வளைவு வருகிற திசையில் பிடி தடிமனாவதால் கழுத்தும் பலப்படும். நீளம் 130. பின்முனையை 6 மி.மீ. பருக்கவைத்தால் வியர்த்த கை இழுக்கும்போது நழுவாது. முன்னால் விரல் அலகுப் பக்கம் வழுக்காமல் இருக்க ஒரு சிறு திண்ணை. அந்தத் திண்ணையும் கழுத்தும் சேருகிற மூலையை மட்டும் கூர்மையாக விடாதீர்கள், 8 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிடுங்கள். கூர்மூலை இருந்தால் ஆறு சுவரும் அங்கிருந்துதான் விரிசல் விடும்.

கருக்கருவாளைத் தரையை ஒட்டி ஓட்டும்போது விரல் மூட்டு மண்ணில் உரசும், அறுத்தவர்களுக்குத் தெரியும். போபாலில் இருக்கிற மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் கொண்டுவந்த ‘நவீன்’ அரிவாளில் பிடியின் வடிவத்தாலேயே அந்தக் காயத்தைத் தவிர்க்கப் பார்த்திருக்கிறார்கள். பிரின்ட் செய்வதன் உண்மையான லாபம் இந்த மாதிரி இடத்தில்தான். ஆனால் பிடியை அலகின் தளத்திலிருந்து 15 டிகிரி மேலே தூக்கி வரைய வேண்டுமென்றால் பாதிகளின் தட்டை முகம் தட்டையாக இருக்காது, அடிப்பது சிக்கலாகும். முதல் பிடியை நேராக அடித்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ராகிக் கதிரை மட்டும் கொய்கிற வேலை என்றால் அந்தத் தூக்கல் தேவையே இல்லை.

மேல்முதுகில் படிக்கட்டு மாதிரி வரும் கோடுகளை 120, பிறகு 220 தண்ணீர்த்தாளால் தேயுங்கள். பளபளப்பாக்க வேண்டாம், வியர்வையில் பி.இ.டி.ஜி. விரால் மீனாகிவிடும். பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் வெட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, பின்முனையைத் தாண்டி இழுத்து மாட்டிவிட்டால் ரப்பர் மாதிரி வளைகிற டி.பி.யூ. இழையில் தனியாக உறை அடிக்க வேண்டிய அவசியமே வராது. டி.பி.யூ.தான் வேண்டும் என்றால் 95ஏ, 2 மி.மீ. தடிமன், உள்ளளவைப் பிடியைவிட ஒன்றரை மி.மீ. சின்னதாக வையுங்கள்.

அம்மா கையில் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. அலகைச் சாக்கில் சுற்றி, விளிம்பு மேல்கீழாக நிற்குமாறு வைஸில் பிடித்துக்கொண்டு, பிடியின் பின்முனையில் 15 லிட்டர் தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிடுங்கள். பத்து நிமிடம். காலை வாளிக்குக் கீழே வைக்காதீர்கள். சடசடவென்று சத்தம் கேட்டாலோ, கழுத்தில் வெண்கோடு தெரிந்தாலோ, வாளியை எடுத்த பிறகும் பிடி வளைந்தே நின்றாலோ அந்தப் பிடி காட்டுக்குப் போகக் கூடாது. தேறினால் மத்தியான வெயிலில் தகரக் கூரைமேல் இரண்டு மணி நேரம் போட்டு எடுத்து, ஆறவிட்டு நட்டைச் சோதியுங்கள். கால் சுற்று இறங்கும், அது சகஜம். ஒரு வாரம் அறுத்த பிறகு இன்னொரு முறை முடுக்கினால் அதோடு நிற்கும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வாரமும் லூசாகிறது என்றால் ஓட்டை நீள்வட்டமாகிக்கொண்டிருக்கிறது, பிடியை மாற்றிவிடுங்கள். எழுபது கிராம் பிளாஸ்டிக்தானே.

இதே முறையில் கொடுவாள், கோடாரி, சம்மட்டி என்று போய்விடாதீர்கள். அங்கே வருவது இழுப்பு இல்லை, அடி. ஒவ்வொரு அடியும் அடுக்குகளை உதறும், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே விரிந்து ஒருநாள் தலை கழன்று பறக்கும். அதற்கெல்லாம் புளியங்கட்டையோ கருவேலங்கட்டையோ செதுக்கி மாட்டுங்கள். மாங்கன்று ஒட்டுக்கட்டுகிற கத்தி, அரம், உளி வரைக்கும் இந்தப் பிடி வரும். உளியும் கையால் தள்ளுகிற உளிதான், கொட்டாப்புளியால் தட்டுகிற உளி இல்லை.